நாலில் ஒன்று விழும்: சுரண்டும் கார்டின் பரிசுக் கணக்கு

"நான்கில் ஒரு கார்டுக்குப் பரிசு." காசு வைத்துச் சுரண்டும் அட்டையோ, போனில் விரலால் தேய்க்கும் விளையாட்டோ, எதுவானாலும் இந்த மாதிரி ஒரு வரி அதில் எங்காவது இருக்கும். பார்த்தவுடன் புளுகு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் முறையாக நடத்தப்படும் விளையாட்டில் இது உண்மைதான். நான்கிலோ ஐந்திலோ ஒரு கார்டில் ஏதோ ஒரு பரிசு இருக்கவே செய்யும். அப்படியிருந்தும் விடாமல் வாங்குகிறவர் கையில் காசு நிற்பதில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாகிறது என்பது, பரிசுகளை எப்படி அடுக்குகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் புரிந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்.

முதலில் பழங்கதை கொஞ்சம். கணினியால் பரிசுகளைப் பங்கிட்டு அச்சடித்த முதல் சுரண்டல் சீட்டு 1974-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில லாட்டரியில் வந்தது. ஜான் கோசா என்ற கணினி விஞ்ஞானியும், கடைகளுக்கான பரிசுத் திட்டங்களில் அனுபவமுள்ள டேனியல் பவரும் சேர்ந்து நடத்திய நிறுவனம்தான் அதை உருவாக்கியது. குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டாம், வாங்கின இடத்திலேயே முடிவு தெரிந்துவிடும் என்பதுதான் அதில் புதுசு. நம் ஊரில் 1968-ல் அரசு லாட்டரி தொடங்கியபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். பிறகு சுரண்டல் லாட்டரியும் வந்து சேர்ந்தது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிக்கும் தடை விழுந்தது. கம்பம், போடிப் பக்கம் இருப்பவர்கள் மலையேறிப் போய் கேரளச் சீட்டு வாங்குவது இன்றும் நடக்கிறதுதான், ஆனால் அது குலுக்கல் சீட்டு, இந்தக் கட்டுரைக்கு வெளியே. நாம் பார்க்கப் போவது வாங்கியவுடன் முடிவு தெரியும் ரகம்.

ஒரு விளையாட்டை நாமே வடிவமைத்துப் பார்க்கலாம். பரிசுகளும் விலையும் என் கற்பனை, ஆனால் அடுக்கும் முறை நிஜமானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை நகரில் ஏறக்குறைய 10 லட்சத்து 17 ஆயிரம் பேர் இருந்தார்கள். கணக்குக்கு வசதியாக 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஆளுக்கு ஒரு கார்டு. விலை 20 ரூபாய். மொத்த வசூல் 2 கோடி.

முதல் பரிசு எவ்வளவு என்பதைத்தான் முதலில் முடிவு செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வசூலில் எத்தனை சதவீதத்தைத் திரும்பக் கொடுப்பது என்பதுதான் முதல் முடிவு. அமெரிக்க மாநில லாட்டரிகளின் சுரண்டல் சீட்டுகளில் இது பெரும்பாலும் 60 முதல் 75 சதவீதம் வரை இருக்கும். விலை கூடிய சீட்டில் சதவீதமும் கொஞ்சம் கூடும். நாம் 60 சதவீதம் என்று வைப்போம். ஆக, 2 கோடியில் 1 கோடியே 20 லட்சம் பரிசுக்கு. மீதி 80 லட்சத்தில் கடைக்காரர் கமிஷன், அச்சுக்கூலி, விளம்பரம், நடத்துகிறவருக்கு லாபம் எல்லாம் அடங்கும். இந்த 80 லட்சம் எந்தக் கார்டைச் சுரண்டினாலும் வராது. அது ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்து வைத்தாகிவிட்டது.

அடுத்து, அந்த 1 கோடியே 20 லட்சத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். இப்படிப் பிரிக்கிறோம்:

| பரிசு (ரூ.) | எத்தனை கார்டு | ஆகும் தொகை |
|---|---|---|
| 10,00,000 | 2 | 20 லட்சம் |
| 10,000 | 30 | 3 லட்சம் |
| 1,000 | 1,000 | 10 லட்சம் |
| 500 | 2,600 | 13 லட்சம் |
| 100 | 20,000 | 20 லட்சம் |
| 40 | 60,000 | 24 லட்சம் |
| 20 | 1,50,000 | 30 லட்சம் |

ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. மேலே இருக்கும் 10 லட்சம் போஸ்டருக்கு. அதை வாங்கப் போவது ஊரிலேயே இரண்டு பேர்தான், ஆனால் பத்து லட்சம் பேரும் பார்ப்பது அதைத்தான். கீழே இருக்கும் 20, 40 ரூபாய்ப் பரிசுகள் வாங்கினவரை மறுபடி கடைக்கு வரவைக்க. 20 ரூபாய் விழுந்தால் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, அதே கடையில் இன்னொரு கார்டாக மாற்றிக்கொள்கிறார்கள். அந்த 30 லட்சத்தைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, பெரும்பகுதி திரும்பி வந்த மாதிரியும் ஆயிற்று.

நடுவில் இருக்கும் அடுக்குகளைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்துக்கு உருப்படியாகத் தெரியும் தொகை 1,000 ரூபாய், 10,000 ரூபாய் இவைதான். ஒரு மாத கேஸ் சிலிண்டர், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்று ஏதாவது ஒரு செலவுக்கு ஆகும். அங்கேதான் சீட்டு மிக மெலிந்து கிடக்கிறது. 10,000 ரூபாய் அடுக்குக்கு ஒதுக்கியது வெறும் 3 லட்சம். மேலும் கீழும் தடித்து இடுப்பு ஒடுங்கிய இந்த அமைப்புக்குக் காரணம் எளிது. நடுப் பரிசை வைத்துப் போஸ்டர் அடிக்க முடியாது, அதை நிறையப் பேருக்குக் கொடுக்கவும் கட்டுபடியாகாது.

இப்போது அந்த "நாலில் ஒன்று" எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். எல்லா அடுக்கிலும் உள்ள கார்டுகளைக் கூட்டினால் 2,33,632. பத்து லட்சத்தை இதால் வகுத்தால் 4.28. "4.28-ல் ஒன்று" என்று விதிமுறையில் எழுதுவார்கள், "நாலில் ஒன்று" என்று விளம்பரத்தில் சொல்வார்கள். சுத்தமான உண்மை. ஆனால் இந்த 2,33,632 பேரில் 1,50,000 பேருக்கு விழுந்தது போட்ட 20 ரூபாய்தான். பரிசு வென்றவர்களாகக் கணக்கில் ஏறியவர்களில் நூற்றுக்கு 64 பேர் ஒரு பைசா லாபம் பார்க்கவில்லை. அவர்களை எடுத்துவிட்டு, போட்டதற்கு மேல் ஏதாவது கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால் 83,632 பேர். அதாவது 12-ல் ஒன்று. 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 42-ல் ஒன்று. 500 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 275-ல் ஒன்று. 1,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 969-ல் ஒன்று. பத்து லட்சம் என்றால் 5 லட்சத்தில் ஒன்று.

ஒரே விளையாட்டுக்கு இத்தனை வாய்ப்பு எண்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் வருவது அதில் ஆகச் சிறந்தது மட்டும். அதனால் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் "எதற்கு மேல்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலில் ஒன்று, சரி, எவ்வளவு ரூபாய்க்கு மேல் நாலில் ஒன்று?

என் அக்கா மகன் ஒருவன், காலேஜ் இரண்டாம் வருஷம், இந்த இடத்தில் என்னை மடக்கப் பார்த்தான். "சரி மாமா, அற்பப் பரிசாவே இருக்கட்டும். நாலு கார்டு வாங்கினா ஒண்ணாவது கட்டாயம் விழணுமுல்ல?"

"விழணும்னு கட்டாயம் இல்லடா. ஒரு கார்டுல விழாம இருக்க எத்தனை வாய்ப்பு?"

"நூத்துக்கு 77."

"நாலு கார்டுலயும் விழாம இருக்க அதை நாலு தடவை பெருக்கு."

போனை எடுத்துத் தட்டினான். 0.766-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.34 சொச்சம் வரும். நாலு கார்டு வாங்குகிற மூன்று பேரில் ஒருவர் வெறுங்கையோடு போவார். பத்து கார்டு வாங்கினாலும் நூறு பேரில் ஏழு பேருக்கு எதுவுமே விழாது. "அப்ப அந்த ஏழு பேர் கடைக்காரனைச் சண்டைக்கு இழுப்பாய்ங்களே" என்றான். இழுக்கத்தான் செய்வார்கள். அதனால்தான் அட்டைச் சீட்டு அச்சடிக்கிறவர்கள் சின்னப் பரிசுகளைக் கண்டபடி தூவி விடுவதில்லை.

சீட்டுகள் கடைக்குக் கட்டுக் கட்டாகத்தான் போகும். நம் விளையாட்டில் ஒரு கட்டுக்கு 100 கார்டு என்று வைத்தால் மொத்தம் 10,000 கட்டு. ஒவ்வொரு கட்டிலும் 20 ரூபாய்ப் பரிசு 15, 40 ரூபாய்ப் பரிசு 6, 100 ரூபாய்ப் பரிசு 2 இருக்கும்படி அச்சிலேயே உறுதி செய்துவிடலாம். இந்தத் தொழிலில் இது வழக்கமான ஏற்பாடு. எந்தக் கடைக்காரரும் "என் கட்டு முழுக்கக் காலி" என்று புகார் சொல்ல முடியாது. பெரிய பரிசுகளுக்கு இந்த உறுதி கிடையாது. 500 ரூபாய்ப் பரிசு சராசரியாக நாலு கட்டுக்கு ஒன்று வரும். பத்து லட்சம் இருக்கும் கட்டுகள் பத்தாயிரத்தில் இரண்டே இரண்டு.

இந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். 2,000 ரூபாய் கொடுத்து ஒரு முழுக் கட்டையும் ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். உறுதியாக வரும் பரிசு: 300, 240, 200, ஆக மொத்தம் 740 ரூபாய். நூற்றுக்கு 37. நடத்துகிறவர் 60 சதவீதம் திரும்பக் கொடுக்கிறார் என்றோமே, மீதி 23 எங்கே போனது? அது 500, 1,000, 10,000, பத்து லட்சம் ஆகிய நாலு அடுக்கிலும், 3,632 கார்டில் குவிந்து கிடக்கிறது. ஒரு கட்டு வாங்கும் பத்துப் பேரில் ஏழு பேர் கண்ணில் அது படவே படாது.

"60 சதவீதம் திரும்ப வருகிறது" என்ற பேச்சில் இருக்கும் சூட்சுமம் இதுதான். அது ஊர் முழுக்கச் சேர்த்த சராசரி. பத்து லட்சம் பேரில் இரண்டு பேரை எடுத்துவிட்டால் மீதிப் பேருக்குச் சராசரி 50 சதவீதமாக இறங்கிவிடும். மேல் மூன்று அடுக்கையும் எடுத்துவிட்டால் 43.5. வாரம் ஒரு கார்டு என்று வாங்கும் சாதாரண ஆள் வருஷக் கடைசியில் தன் கையில் பார்ப்பது இந்தக் கீழ் எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஒருவர் 1,000 ரூபாயோடு உட்காருகிறார், 50 கார்டு. ஏழெட்டு கார்டில் 20 ரூபாய், மூன்றில் 40, ஒன்றில் 100. ஏறக்குறைய 370 ரூபாய் கையில் வரும். ஆறு பேர் இப்படி உட்கார்ந்தால் ஒருவருக்குத்தான் 500 ரூபாயோ அதற்கு மேலோ ஏதாவது தட்டுப்படும். 370 வந்ததே என்று அதையும் கார்டாக மாற்றினால் 137 ஆகும். அதையும் போட்டால் 50 ரூபாய். இதற்குள் அவர் பதினேழு பதினெட்டு முறை "விழுந்துருச்சு" என்று சொல்லியிருப்பார் என்பதை மறக்க வேண்டாம். பல தடவை ஜெயித்து, மொத்தத்தில் 950 ரூபாய் போயிருக்கும்.

பெரிய பரிசு விஷயத்தில் அட்டைச் சீட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. பரிசுகள் எண்ணிக்கையில் முடிந்தவை. ஒன்று போனால் போனதுதான். பத்து லட்சம் கார்டில் எட்டு லட்சம் விற்றுவிட்டது, இரண்டு முதல் பரிசும் இன்னும் யாருக்கும் விழவில்லை என்று வையுங்கள். மீதி இரண்டு லட்சம் கார்டுக்குள் 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. கார்டுக்கு 10 ரூபாய். மற்ற அடுக்குகளில் இருந்து வழக்கமாக வரும் 10 ரூபாயையும் சேர்த்தால் கார்டின் மதிப்பு 20 ரூபாய், விலைக்குச் சரிசமம்! இதற்கு நேர்மாறாக, இரண்டும் முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டால் மிச்சமிருக்கும் கார்டுகள் ஒவ்வொன்றின் மதிப்பும் 10 ரூபாய்தான். போஸ்டர் மட்டும் கடையில் அப்படியே தொங்கும்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. 2008-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், முதல் பரிசு முடிந்துபோன பிறகும் சீட்டு விற்கிறார்கள் என்று மாநில லாட்டரி மீதே வழக்குப் போட்டார். அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகள் எந்த விளையாட்டில் எத்தனை பெரிய பரிசு மிச்சம் என்று தங்கள் தளத்தில் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியல் இல்லாத இடத்தில் வாங்குகிறவர் 10 ரூபாய் மதிப்புள்ள கார்டை வாங்குகிறாரா, 20 ரூபாய் மதிப்புள்ளதை வாங்குகிறாரா என்று தெரிய வழியே இல்லை. சரிசமமான கார்டே கையில் கிடைத்தாலும் பத்து லட்சத்துக்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போனுக்கு வருவோம்.

ஆன்லைனில் சுரண்ட எதுவுமில்லை. நீங்கள் "வாங்கு" என்ற பொத்தானை அழுத்திய நொடியிலேயே சர்வரில் முடிவாகிவிடும். அதன் பிறகு திரையில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒன்றைக் காட்டி விரலால் தேய்க்கச் சொல்வது, முடிந்துபோன முடிவுக்குப் போடும் படம். மெதுவாகத் தேய்த்தாலும், இடது மூலையில் தொடங்கினாலும், சாமி படத்தைத் தொட்டுவிட்டுத் தேய்த்தாலும், பாதியில் நெட் போய்விட்டாலும் முடிவு மாறாது. ஒழுங்கான தளமென்றால் நெட் திரும்பியதும் அதே முடிவைக் காட்டும்.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதில் இரண்டு பெரிய வழி உண்டு. ஒன்று, அட்டைச் சீட்டு மாதிரியே பத்து லட்சம் முடிவுகளை முன்கூட்டியே ஒரு பட்டியலாகச் செய்து கலைத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது. இதில் மேலே சொன்ன "மிச்சம் எத்தனை" கணக்கு அப்படியே பொருந்தும். இன்னொன்று, பட்டியலே இல்லாமல் ஒவ்வொரு முறையும் கணினி புதிதாக ஒரு எண்ணை எடுப்பது. இதில் 5 லட்சத்தில் ஒன்று என்றால் எப்போதும் 5 லட்சத்தில் ஒன்றுதான். நேற்று ஒருவருக்கு விழுந்ததால் இன்று குறையாது, ஒரு மாதமாக யாருக்கும் விழவில்லை என்பதால் கூடாது. பத்து லட்சம் பேர் ஆடி முடித்தும் ஒருவருக்கும் முதல் பரிசு விழாமல் போக நூற்றுக்கு 13.5 வாய்ப்பு உண்டு. அட்டையில் அது நடக்கவே முடியாது, ஏனென்றால் அந்த இரண்டு கார்டும் எங்கோ ஒரு கட்டில் நிச்சயம் இருக்கிறது. எந்த வழி என்பது விதிமுறையில் இருக்க வேண்டும். "மீதமுள்ள பரிசுகள்" என்று எண்ணிக்கை காட்டினால் முதல் வழி. "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாய்ப்பு ஒன்றே" என்று போட்டிருந்தால் இரண்டாவது. இரண்டும் இல்லையென்றால் அந்தத் தளம் என்ன செய்கிறது என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

பிஸ்கட் பாக்கெட்டின் உள்ளே இருக்கும் எண்ணைப் பதிந்தால் பரிசு என்பது போன்ற விளம்பரப் போட்டிகளில் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. சில ரகசிய நேரங்களை முன்பே குறித்து வைத்து, அந்த நேரத்துக்குப் பிறகு முதலில் வரும் பதிவுக்குப் பரிசு தருவது. அங்கே வாய்ப்பு என்பது கூட எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இனி அந்தத் திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒன்பது கட்டம். ஒரே தொகை மூன்று கட்டத்தில் வந்தால் அந்தத் தொகை உங்களுக்கு. தேய்க்கிறீர்கள்: 40, 10 லட்சம், 500, 20, 10 லட்சம்... இங்கே நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும். மீதி நாலு கட்டத்தையும் நிதானமாகத் தேய்ப்பீர்கள். 100, 500, 1,000, கடைசியில் 40. "சே, ஒண்ணுல போச்சு!"

ஒன்றிலும் போகவில்லை. உங்களுக்கு வந்தது வெறும் கார்டு என்று முடிவான பிறகு, வெறும் கார்டுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம் என்று தேர்ந்தெடுத்ததில் இது ஒன்று. நம் விளையாட்டில் 7,66,368 கார்டுகள் வெறும் கார்டுகள். அதில் மூன்று லட்சம் கார்டில் இரண்டு "10 லட்சம்" தெரியும்படி வைத்தாலும் பரிசுப் பட்டியலில் ஒரு எண் மாறாது, ஒரு ரூபாய் கூடச் செலவாகாது. அச்சுத் தொழிலில் இதற்கு "நெஞ்சை நிறுத்துவது" என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுரண்டல் சீட்டை வைத்தே இதைச் சோதித்தார்கள். முதல் பரிசு மயிரிழையில் தப்பிய மாதிரி தெரியும் கார்டு, சாதாரணத் தோல்வியைவிட உடம்பில் அதிகப் பரபரப்பையும், மனசில் அதிக எரிச்சலையும் உண்டாக்கியது. சுரண்டும் சீட்டில் திறமைக்கு இடமே இல்லை என்பதால் "கிட்டத்தில் வந்தேன்" என்பதற்கு அங்கே அர்த்தம் கிடையாது. கிரிக்கெட்டில் ஒரு ரன்னில் தோற்ற அணி அடுத்த மேட்ச்சில் ஜெயிக்கலாம், அது வேறு சங்கதி.

காகிதத்தில் இந்தப் படங்களை வடிவமைக்கும்போதே கோட்டைவிட்ட கதையும் உண்டு. 2003-ல் டொரண்டோவில் மோகன் ஸ்ரீவஸ்தவா என்ற புள்ளியியலாளர், ஒரு சுரண்டல் சீட்டில் மேலே அச்சாகி வெளியில் தெரியும் எண்களைப் பார்த்தே, சுரண்டாமல், எது விழும் சீட்டு என்று பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிவதைக் கண்டுபிடித்தார். அந்த எண்களில் ஒரே ஒரு முறை மட்டும் வருபவை மூன்று ஒரே வரிசையில் அமைந்தால் அது பரிசுச் சீட்டு. அவர் ஒன்டாரியோ லாட்டரிக்குத் தகவல் சொல்ல, அந்த விளையாட்டைத் திரும்பப் பெற்றார்கள். சீட்டில் தெரியும் எண்கள் தற்செயலாக விழுந்தவை இல்லை, முடிவுக்கு ஏற்ப யாரோ அடுக்கியவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆன்லைனில் அந்த ஓட்டையும் இல்லை, பார்க்க முன்கூட்டி எதுவும் அச்சாகியிருக்காது.

ஆன்லைனில் அதிகம் நடக்கும் இன்னொன்று: போட்ட தொகையைவிடக் குறைந்த பரிசு. 20 ரூபாய்க்கு ஆடி 5 ரூபாய் விழும், திரையில் காசு மழை பொழியும், மணி அடிக்கும். 15 ரூபாய் நஷ்டத்துக்கு அத்தனை கொண்டாட்டம். அச்சடித்த சீட்டில் 5 ரூபாயை எண்ணிக் கொடுக்கக் கடைக்காரருக்குக் கட்டாது, அதனால் அங்கே பெரும்பாலும் போட்ட காசோடு கீழ் அடுக்கு நின்றுவிடும். திரையில் அந்தத் தடை இல்லை. ஒரு அடுக்கை அப்படிச் சேர்த்துவிட்டால் "நாலில் ஒன்று" என்பதைச் சுலபமாக "மூன்றில் ஒன்று" ஆக்கிவிடலாம்.

மதுரையில் இருக்கும் ஒருவர் போனில் நிஜமாகச் சந்திப்பது எது என்றால், பெரும்பாலும் பணம் அனுப்பும் செயலிகள் தரும் இலவச ஸ்க்ராட்ச் கார்டு. இதற்கு டிக்கெட் விலை இல்லை, ஆனால் பரிசு அடுக்கும் முறை அதேதான். "1,000 ரூபாய் வரை" என்றால் அந்த "வரை"யில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கோடி கார்டுக்கு 50 லட்சம் ரூபாய் ஒதுக்கினால் கார்டுக்கு 50 பைசா. சில பேருக்கு 1,000 கொடுத்தாகிவிட்டால் மற்றவர்களுக்கு "அடுத்த முறை முயலவும்" தவிர வேறு வழியில்லை. இப்படிப்பட்ட சலுகைகளின் விதிமுறையில் "தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது" என்ற வரியைப் பலர் பார்த்திருப்பீர்கள். நம்மேல் ஓரவஞ்சனை இல்லை. 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொருள் வாங்கினால் குலுக்கலில் பரிசு என்ற வகைத் திட்டங்களைத் தடுக்க வந்த சட்டம், போன் காலத்திலும் வேலை செய்கிறது.

காசு கட்டி ஆடும் ஆன்லைன் சுரண்டல் வேறு ரகம். அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பும் ஆன்லைன் ஆட்டங்களைத் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் தடுக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியிருக்க, டெலிகிராம் வழியாகவோ, தெரியாத எண்ணில் இருந்து வரும் லிங்க் வழியாகவோ வருகிற சுரண்டல் தளத்துக்கு நம்மூரில் உரிமம் இருக்க வழியில்லை. அதனால் நாம் மேலே போட்ட கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. பரிசுப் பட்டியல் போட்டிருப்பார்கள், அதன்படி நடக்கிறதா என்று தணிக்கை செய்ய யாரும் இல்லை. முதல் நாலைந்து ஆட்டத்தில் தாராளமாக விழவைத்துவிட்டு, எடுக்கப் போகும்போது "இன்னும் 2,000 கட்டினால்தான் கணக்கு திறக்கும்" என்றால் அது விளையாட்டே இல்லை.

தபாலில் வரும் சுரண்டல் கார்டும் அதே கூட்டம்தான். ஏதோ ஆன்லைன் கடையில் இரண்டு மாதம் முன்பு வாங்கின முகவரிக்கு உறை வரும், உள்ளே அட்டை, சுரண்டினால் கார் அல்லது 12 லட்சம் ரூபாய். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பரிசு விழுந்திருக்கும், ஏனென்றால் அங்கே அடுக்கே கிடையாது, எல்லாக் கார்டும் முதல் பரிசு. இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டால் ஜிஎஸ்டி, வரி, பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்பார்கள். லாட்டரி வகைப் பணப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டுதான். ஆனால் பணமாகக் கொடுக்கும் பரிசில் அதைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார், உங்களிடம் முன்கூட்டி வசூலிக்க மாட்டார். நம் கற்பனை முதல் பரிசில் பத்து லட்சத்துக்கு மூன்று லட்சம் அப்படிப் போய் ஏழு லட்சம்தான் கைக்கு வரும், இத்தனை நாள் வாங்கின வெறும் கார்டுகளின் செலவை அதில் கழித்துக்கொள்ளவும் வருமான வரிச் சட்டம் விடாது. போனில் "பரிசைப் பெற" என்று தேய்த்தவுடன் யுபிஐ பின் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். பணம் வாங்க பின் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை.